2/10, நெட் 30: தள்ளுபடியைக் கைவிட்டால் ஆண்டுக்கு உண்மையில் எவ்வளவு செலவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பில்லின் அடியில் `2/10, n/30` என்று போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் என்ன?

பில் தேதியிலிருந்து 10 நாளுக்குள் பணம் கட்டினால் 2 சதவீதம் கழித்துக்கொள்ளலாம். கட்டாவிட்டால் 30ஆம் நாளுக்குள் முழுத் தொகையையும் கட்ட வேண்டும். 1,00,000க்கு வந்த பில்லை 10ஆம் நாள் வரை 98,000 கொடுத்து முடிக்கலாம், அதன் பிறகு 1,00,000.

இதைப் படிக்கும் பலர் 1,00,000தான் பொருளின் விலை, 2,000 சலுகை என்று எடுத்துக்கொள்கிறார்கள். கணக்கைத் தலைகீழாகப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். பொருளின் ரொக்க விலை 98,000. 10ஆம் நாளைத் தாண்டியும் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ள சப்ளையர் கேட்கும் வட்டி 2,000. கீழே உள்ள எல்லாக் கணக்குகளும் இந்த ஒரு பார்வையிலிருந்து வருபவை.

வெறும் 2 சதவீதம்தானே, அது எப்படி 37 சதவீதம் ஆகிறது?

அந்த 2 சதவீதம் ஓர் ஆண்டுக்கான வட்டி அல்ல, 20 நாளுக்கான வட்டி. முதல் 10 நாள் எப்படியும் இலவசம், அந்த நாட்களுக்குத் தள்ளுபடி போவதில்லை. 10ஆம் நாள் கட்டாமல் 30ஆம் நாள் கட்டும்போது கூடுதலாகக் கிடைப்பது 20 நாள் மட்டுமே. ஓர் ஆண்டில் அப்படிப்பட்ட 20 நாள் தவணைகள் 365 ÷ 20 = 18.25 இருக்கின்றன.

அடுத்து, 2,000ஐ எதோடு ஒப்பிடுவது என்ற கேள்வி. 10ஆம் நாளில் நீங்கள் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டது 98,000. கடன் வாங்கியது அந்தத் தொகையைத்தான், 1,00,000ஐ அல்ல. ஆகவே ஒரு தவணைக்கான வட்டி 2,000 ÷ 98,000 = 2.04 சதவீதம். இதை 18.25ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 37.24 சதவீதம்.

இந்தக் கணக்கில் வழக்கமாக நடக்கும் பிழைகள் இரண்டு: 20க்குப் பதில் 30 நாளைப் போடுவது, 98க்குப் பதில் 100ஆல் வகுப்பது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் விடை 24.3 சதவீதம் என்று வரும். உங்கள் தாளில் அந்த எண்ணைப் பார்த்தால் எங்கே தவறியது என்று உடனே சொல்லிவிடலாம்.

எங்களுக்கு மாதம் ஒரே ஒரு பில்தான் வருகிறது. ஆண்டுக்கு 18 முறை எங்கே இழக்கிறோம்? 37 சதவீதம் என்பது காகிதக் கணக்குதானே?

இல்லை. மாதம் ஒரு பில் வைத்தே அதே எண்ணைக் கொண்டுவந்து காட்டலாம்.

மாதாமாதம் 1,00,000க்கு ஒரு பில், எல்லாவற்றையும் 30ஆம் நாளில் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டில் இழப்பது 12 × 2,000 = 24,000. அதற்குப் பதிலாக என்ன கிடைத்தது? ஒவ்வொரு மாதமும் 98,000 உங்கள் கணக்கில் 20 நாள் கூடுதலாகத் தங்கியது. மொத்தம் 240 நாள். மீதி 125 நாட்களில் அந்தப் பணம் உங்களிடம் இல்லை. ஆண்டு முழுவதற்கும் சராசரி போட்டால் நீங்கள் வைத்திருந்த கடன் 98,000 × 240 ÷ 365, அதாவது 64,438.

64,438 கடனுக்கு ஆண்டு வட்டி 24,000. வகுத்துப் பாருங்கள், 37.24 சதவீதம்தான் வரும். பில் எத்தனை முறை வருகிறது என்பது இழப்பின் மொத்தத் தொகையைத்தான் மாற்றும், வட்டி விகிதத்தை மாற்றாது. யாராவது ‘ஆண்டுக்கு வெறும் 24,000 போகிறது, போகட்டும்’ என்றால், சுமார் 64,000 கடனுக்கு இவ்வளவு வட்டி கேட்கும் கடன்காரரிடம் கையெழுத்துப் போடுவார்களா என்று கேட்டுப் பார்க்கலாம்.

ஒரு இடத்தில் 36.7, இன்னொரு இடத்தில் 37.2, வேறொரு இடத்தில் 44.6 என்று போட்டிருக்கிறார்கள். எது சரி?

மூன்றும் சரி. ஆண்டுக்கு 360 நாள் என்று எடுத்தால் 36.7, 365 என்று எடுத்தால் 37.2. கூட்டு வட்டியாகக் கணக்கிட்டால், அதாவது ஒவ்வொரு 20 நாளும் 2.04 சதவீதம் அசலோடு சேர்ந்து வளர்வதாக எடுத்தால், 44.6.

முடிவெடுக்க 37.2 போதும், ஒரே நிபந்தனையோடு: எதிரே வைக்கும் வட்டியும் அதே வகையாக இருக்க வேண்டும். வங்கி சொல்லும் ‘ஆண்டுக்கு 12 சதவீதம்’ பெரும்பாலும் கூட்டாத விகிதம். அதை 37.2க்கு எதிரே வையுங்கள். 44.6ஐப் பயன்படுத்த வேண்டுமானால் வங்கி வட்டியையும் மாதக் கூட்டு வட்டியாக மாற்றி 12.68 என்று எடுக்க வேண்டும். எப்படி வைத்தாலும் இடைவெளி பெரியது, முடிவு மாறாது. தள்ளுபடி 1 சதவீதமாகவும் தவணை நீண்டதாகவும் இருக்கும் பில்களில்தான் இந்த வேறுபாடு கவனிக்கத் தக்கதாகிறது.

கையில் பணமில்லை. ஓவர்டிராஃப்டில் எடுத்து 10ஆம் நாள் கட்டினால் லாபமா?

ஓவர்டிராஃப்ட் வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்துக் கணக்கிடுவோம். 10ஆம் நாள் 98,000 எடுத்துச் சப்ளையருக்குக் கட்டுகிறீர்கள். வழக்கமாக 30ஆம் நாள் பில்லுக்காக ஒதுக்கும் பணம் வந்ததும் ஓவர்டிராஃப்டை அடைக்கிறீர்கள். 20 நாளுக்கு வட்டி 98,000 × 12% × 20 ÷ 365 = 644. தள்ளுபடி 2,000. ஒரு பில்லில் கையில் நிற்பது 1,356. வட்டி 18 சதவீதமாக இருந்தாலும் செலவு 967தான்.

கடன் வட்டி 37.24 சதவீதத்தைத் தொடும்போதுதான் இரண்டும் சமமாகும். ஆனால் வட்டியை மட்டும் பார்க்காமல், அந்தக் கடனை எடுப்பதற்கென்று தனியாகக் கட்டணம் இருந்தால் அதையும் 644ஓடு சேர்த்துக்கொள்ளுங்கள். சிறிய பில்லில் ஒரு முறைக் கட்டணமே லாபத்தை விழுங்கிவிடும். 10,000 பில்லில் தள்ளுபடி 200, வட்டி 64. கட்டணம் 150 என்றால் 14 நஷ்டம்.

அப்படிச் செய்யத் தொடங்கிய முதல் மாதமே பணம் முட்டிக்கொண்டது. கணக்கில் லாபம் என்று வந்ததே?

கணக்கு சரிதான். முட்டியது ஒரு முறை மட்டும் வரும் நெருக்கடி. மார்ச் 1 தேதியிட்ட பில்லைப் பழைய வழக்கப்படி மார்ச் 31 அன்று முழுசாகக் கட்டியிருப்பீர்கள். ஏப்ரல் 1 பில்லைப் புதிய வழக்கப்படி ஏப்ரல் 11 அன்று கட்டுகிறீர்கள். 11 நாள் இடைவெளியில் இரண்டு பில்களின் பணம் வெளியே போகிறது. அதற்குப் பிறகு மறுபடியும் மாதம் ஒரு பில்தான்.

பத்துச் சப்ளையர்களுக்கு ஒரே மாதத்தில் இதைத் தொடங்கினால் பத்து பில்களும் ஒன்றாக முட்டும். ஆகவே ஒருவரோடு தொடங்குங்கள், ஆண்டு விகிதம் அதிகமாக உள்ளவரை முதலில் எடுங்கள், மாதம் ஒருவராகச் சேர்த்துக்கொண்டு போங்கள். ஓவர்டிராஃப்ட் வரம்பு போதுமா என்று பார்க்க, பில் சிதறலாக வரும் இடங்களில் ஓர் எளிய அளவு உண்டு: மாற்றப்போகும் கொள்முதலின் 20 நாள் மதிப்பு வரம்பில் காலியாக இருக்க வேண்டும். மாதத்துக்கு ஒரே பெரிய பில் என்றால் அந்த முழுப் பில்லுக்கும் இடம் வேண்டும்.

சம்பளத்துக்கும் வரிக்கும் ஒதுக்கியதை இதற்கு எடுக்காதீர்கள். 37 சதவீத லாபம் என்றாலும், சம்பள நாளில் பணம் இல்லாமல் போவதன் விளைவு இந்த விகிதத்துக்குள் அடங்காது.

10ஆம் நாள் தவறிவிட்டது. இன்று 13ஆம் நாள். இப்போதாவது உடனே கட்டிவிடலாமா?

வேண்டாம். தள்ளுபடி போய்விட்ட பிறகு சீக்கிரம் கட்டுவதால் உங்களுக்கு எதுவும் கிடைப்பதில்லை. 13ஆம் நாள் கட்டினால் 3 நாள் தாமதத்துக்காக 2,000 கொடுத்ததாக ஆகும். ஆண்டு விகிதமாகச் சொன்னால் 248 சதவீதம். 20ஆம் நாள் கட்டினால் 74.5. 30ஆம் நாள் கட்டினால் 37.2. 2,000 இழந்தது இழந்ததுதான் என்ற நிலையில், அதற்கு ஈடாக முழு 20 நாளையும் வாங்கிக்கொள்வதே சரி.

ஆக, பில்லைக் கட்ட உகந்த நாட்கள் இரண்டே: 10, 30. இடைப்பட்ட எந்த நாளும் இரண்டையும் விட மோசம். பணம் கட்டும் பட்டியலை எடுத்து, 11 முதல் 25 நாளுக்குள் கட்டிய பில்கள் எத்தனை என்று பாருங்கள். நேர்மையாக, சீக்கிரமாகக் கட்டும் நிறுவனங்களில்தான் இந்த வரிசை நீளமாக இருக்கும். ‘வந்ததும் கட்டிவிடுகிறோம்’ என்ற நல்ல பழக்கமே, மூன்று நாள் பிந்துவதால் முழுத் தள்ளுபடியையும் தின்றுவிடுகிறது.

கட்டுவதற்கு முன் ஒரு போன் செய்து கேட்பது மட்டும் தவறில்லை. ஓரிரு நாள் பிந்தினாலும் தள்ளுபடி தர ஒப்புக்கொள்ளும் சப்ளையர்கள் உண்டு. ஒப்புக்கொண்டால் மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்காமல் 98,000 அனுப்பினால், அவர்கள் கணக்கில் 2,000 பாக்கி என்று நிற்கும். அடுத்த ஆர்டரின்போது அது தகராறாக வரும்.

நாங்கள் எப்படியும் 60 நாள் கழித்துத்தான் கட்டுகிறோம், யாரும் கேட்பதில்லை. எங்களுக்கும் 37 சதவீதமா?

இல்லை, குறைவு. சூத்திரத்தில் போட வேண்டியது பில்லில் எழுதிய நாளை அல்ல, நீங்கள் உண்மையில் கட்டும் நாளை. 45ஆம் நாள் கட்டினால் கூடுதலாகக் கிடைப்பது 35 நாள், விகிதம் 21.3 சதவீதம். 60ஆம் நாள் கட்டினால் 50 நாள், 14.9 சதவீதம். அந்த நிலையில், 16 சதவீதத்துக்குக் கடன் வாங்கித் தள்ளுபடியை எடுப்பது நஷ்டமாகவே இருக்கும்.

ஆனால் அந்த 14.9ல் சில செலவுகள் சேரவில்லை. தாமத வட்டி விதி பில்லில் இருந்தால் அதைச் சேர்க்க வேண்டும். பிந்திக் கட்டுபவருக்கு அடுத்த விலைப்புள்ளியில் 1 சதவீதம் ஏற்றிக் கொடுத்தால், அது எந்தக் கணக்குத் தலைப்பிலும் தெரியாது, ஆனாலும் 1,00,000 பில்லில் 1,000 போகிறது. சரக்குத் தட்டுப்பாடு வரும்போது யாருக்கு முதலில் அனுப்புவது என்ற வரிசையிலும் பின்னால் போவீர்கள். சிறு நிறுவனங்களுக்குக் குறித்த நாளுக்குள் கட்ட வேண்டும் என்று சட்டம் உள்ள நாடுகளில் இந்த இழுபறிக்கே இடமில்லை.

பணம் ஒரு பில்லுக்குத்தான் போதும். தள்ளுபடித் தொகை பெரியதாக இருப்பதைத்தானே முதலில் கட்ட வேண்டும்?

தொகையைப் பார்க்காதீர்கள், ஆண்டு விகிதத்தைப் பாருங்கள். மேஜையில் இரண்டு பில்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று நாம் பேசிவரும் 1,00,000 பில். இன்னொன்று 3,00,000க்கு வந்தது, 10 நாளில் கட்டினால் 1 சதவீதம், இல்லையென்றால் 60 நாள். இரண்டாவதில் தள்ளுபடி 3,000, முதலாவதை விடப் பெரியது.

ஆனால் அந்த 3,000ஐப் பெற 2,97,000ஐ 50 நாள் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். விகிதம் 7.4 சதவீதம்தான். 12 சதவீத ஓவர்டிராஃப்டில் எடுத்தால் வட்டி 4,882 ஆகிவிடும். 3,000ஐப் பெற 4,882 செலவு, 1,882 நஷ்டம். முதல் பில்லை 10ஆம் நாளும் இரண்டாவதை 60ஆம் நாளும் கட்டுவதே சரி. ‘தள்ளுபடி என்றால் எடுத்துவிடு’ என்று பொதுவாக உத்தரவு போட்டு வைத்திருக்கும் அலுவலகங்களில் இந்த இரண்டாவது வகை பில் சத்தமில்லாமல் பணத்தைக் கரைக்கிறது.

வந்த சரக்கைச் சோதித்து முடிக்க 10 நாள் போதாது என்றாலும் யோசிக்க வேண்டும். பணம் கட்டிய பிறகு குறை கண்டுபிடித்தால் பேரம் பேசும் பலம் குறைந்துவிடும். புதிய சப்ளையர், முதல் ஆர்டர் என்றால் 2,000 போனாலும் காத்திருக்கலாம் என்பது எங்கள் கருத்து.

எக்செலில் எப்படிப் போடுவது?

A2ல் தள்ளுபடி (2%), B2ல் தள்ளுபடிக்கான நாள் (10), C2ல் நீங்கள் உண்மையில் கட்டும் நாள் (30). பிறகு இரண்டு சூத்திரங்கள், முதலாவது சாதாரண விகிதம், இரண்டாவது கூட்டு விகிதம்:

```
=A2/(1-A2)*365/(C2-B2)
=(1/(1-A2))^(365/(C2-B2))-1
```

விடைக் கட்டங்களைச் சதவீத வடிவத்துக்கு மாற்றினால் 37.24%, 44.59% என்று வர வேண்டும். முதல் கட்டத்தில் -3650% என்றும் இரண்டாவதில் `#NUM!` என்றும் வந்தால், A2ல் 2% என்பதற்குப் பதில் வெறும் 2 என்று அடித்திருக்கிறீர்கள். `#DIV/0!` வந்தால் B2, C2 இரண்டிலும் ஒரே நாள் இருக்கிறது.

வரி, வண்டிக் கூலி எல்லாம் சேர்ந்த மொத்தத்துக்கும் 2 சதவீதம் கிடைக்குமா?

பில்லிலோ ஒப்பந்தத்திலோ எழுதியிருப்பதுதான் முடிவு. பல சப்ளையர்கள் சரக்கின் மதிப்புக்கு மட்டும் தருவார்கள். சரக்கு 1,00,000, வரியும் கூலியும் 15,000, தள்ளுபடி சரக்குக்கு மட்டும் என்றால், 2,000ஐப் பெற 10ஆம் நாள் 1,13,000 கொடுக்க வேண்டும். விகிதம் 32.3 சதவீதமாகக் குறைகிறது. அப்போதும் எடுக்கத் தக்கதுதான். சரக்கில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பியிருந்தால் மீதிக்கு மட்டுமே தள்ளுபடி: 10,000 திரும்பிப் போனால் 90,000க்கு 1,800.

பணம் இருந்தும் 10 நாளைத் தவறவிடுகிறோம். எங்கே நாள் போகிறது?

பெரும்பாலும் மூன்று இடங்களில் போகிறது. நாள் எண்ணிக்கை முதலாவது. கடிகாரம் பில் தேதியிலிருந்து ஓடுகிறது, பில் உங்கள் மேஜைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. மார்ச் 3 பில் மார்ச் 7 அன்று வந்தால், கடைசி நாள் மார்ச் 13 என்பதால் மிஞ்சுவது 6 நாள்தான். சரக்கு வந்த நாளிலிருந்து என்றோ மாத முடிவிலிருந்து என்றோ ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே கணக்கு மாறும். பில் தொடர்ந்து பிந்தி வந்தால், ‘பில் கிடைத்த நாளிலிருந்து 10 நாள்’ என்று மாற்றித்தரக் கேளுங்கள். விலையைக் குறைக்கச் சொல்வதை விட இதற்கு எளிதில் சம்மதிப்பார்கள்.

ஒப்புதல் இரண்டாவது. வாங்கச் சொன்னவர், சரக்கைப் பெற்றவர், மேலாளர் என்று மூவரிடமும் எல்லா பில்களும் ஒரே வரிசையில் போனால் 10 நாள் அங்கேயே முடிந்துவிடும். தள்ளுபடி உள்ள பில்லின் முகப்பிலேயே ‘13ஆம் தேதி, 2,000’ என்று தேதியையும் தொகையையும் எழுதித் தனிக் கோப்பில் வையுங்கள். சதவீதத்தை எழுதினால் யாரும் அசைவதில்லை.

மூன்றாவது, பணம் அனுப்பும் நாள். வாரம் ஒரு நாள் மட்டும் பணம் அனுப்பும் இடத்தில், பில் 3ஆம் நாளுக்குள் ஒப்புதல் பெற்றால்தான் 10ஆம் நாளுக்குள் ஓர் அனுப்பும் நாள் நிச்சயம் வரும். 4ஆம் நாள் ஒப்புதல் பெற்ற பில்லுக்கு அது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. மாதம் இருமுறை மட்டும் அனுப்பினால், அன்றே ஒப்புதல் கிடைத்தாலும் ஒரு பகுதி பில்கள் கட்டாயம் தவறும். தள்ளுபடி பில்களுக்கு மட்டும் இடையில் ஒரு நாள் சேர்த்தால் இது தீரும். வங்கிப் பரிமாற்றத்துக்கும் விடுமுறைக்கும் ஒரு நாளை ஒதுக்கி, 9ஆம் நாளையே கடைசி நாளாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய நாளையா, தங்கள் கணக்கில் ஏறிய நாளையா எதை எடுக்கிறார்கள் என்று சப்ளையரிடம் ஒருமுறை கேட்டுக் குறித்து வையுங்கள்.

ஆண்டில் மொத்தம் எவ்வளவு இழந்தோம் என்று எங்கள் கணக்குப் புத்தகத்தில் தெரியவே இல்லையே?

பில்லை 1,00,000 என்று முழுத் தொகையில் பதிவதால்தான் தெரிவதில்லை. அந்த முறையில் தள்ளுபடி எடுத்தால் 2,000 வருமானமாகத் தெரியும், எடுக்காவிட்டால் எதுவுமே தெரியாது. இழந்த 2,000 கொள்முதல் விலைக்குள் ஒளிந்துகொள்ளும்.

நிகர முறையில் பதியுங்கள். பில் வந்ததும் கொள்முதல் 98,000, சப்ளையருக்குத் தர வேண்டியது 98,000. 10 நாளுக்குள் கட்டினால் அதோடு முடிந்தது. 30ஆம் நாள் 1,00,000 கட்டினால், 98,000 சப்ளையர் கணக்கை அடைக்கும், மீதி 2,000 ‘தவறவிட்ட தள்ளுபடி’ என்ற செலவுத் தலைப்பில் விழும். மென்பொருளில் இந்த முறை இல்லையென்றால், கட்டிய பில்களின் பட்டியலில் பில் தேதிக்கும் கட்டிய தேதிக்கும் இடையிலான நாட்களுக்கு ஒரு பத்தி சேர்த்து, 10ஐத் தாண்டியவற்றின் தள்ளுபடியைக் கூட்டினாலும் அதே தொகை கிடைக்கும். மாத முடிவில் அந்தத் தொகையை வட்டிச் செலவுக்குக் கீழே அடுத்த வரியில் போடச் சொல்லுங்கள், ஏனென்றால் அதுவும் வட்டிதான்.